எக்செல் சார்ட்டைத் தனி ஷீட்டுக்கு மாற்றி, படமாகச் சேமிப்பது எப்படி?

சில காலம் முன்பு ஓர் அறிக்கைக்காக எக்செலில் ஒரு சார்ட் போட்டேன். எண்கள் இருந்த ஷீட்டிலேயே, ஓர் ஓரத்தில் சின்னதாக இருந்தது. அதை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இழுத்துப் பெரிதாக்கி, அறிக்கையில் ஒட்டி அனுப்பிவிட்டேன். திரையில் பரவாயில்லை என்றுதான் தோன்றியது. அச்சாகி வந்தபோது மாதங்களின் பெயர்கள் எல்லாம் ஈரத்தில் ஊறின மை மாதிரி கசங்கிப் போயிருந்தன.

எக்செல் புதிதாகப் போடும் சார்ட் வழக்கமாக 5 அங்குல அகலம், 3 அங்குல உயரம் இருக்கும். திரையில் அங்குலத்துக்கு 96 புள்ளி என்று வைத்தால், அது வெறும் 480 × 288 புள்ளிகள் கொண்ட படம். அறிக்கையில் 15 செ.மீ. அகலத்துக்கு அதைத் தெளிவாக அச்சிட வேண்டுமானால், அச்சின் வழக்கமான கணக்கான அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் சுமார் 1770 புள்ளிகள் தேவை. இருப்பதோ அதில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல். இல்லாத புள்ளிகளை இழுத்து வரவழைக்க முடியாது. படத்தின் தரம் 'சேமி' பொத்தானை அழுத்தும்போது முடிவாவதில்லை. அதற்கு முன்பு சார்ட் என்ன அளவில், என்ன எழுத்தில் நிற்கிறது என்பதில் முடிவாகிவிடுகிறது. தனி ஷீட்டுக்கு மாற்றுவது அதற்குத்தான் உதவுகிறது: சார்ட் ஒரு முழுத் தாளின் அளவுக்கு வந்துவிடும், பக்கத்தில் எண்களோ கட்டங்களோ இருக்காது.

சார்ட்டை இருக்கும் இடத்திலேயே மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கினாலும் இதே பலன் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அப்படிச் செய்தால் அது எண்களை மறைத்துக்கொண்டு உட்காரும், வரிசைகளின் உயரத்தை மாற்றினால் அதுவும் சேர்ந்து நீளும், சுருங்கும். ஒரு ஃபைலில் நாலைந்து சார்ட் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே அளவில் வைப்பதும் தலைவலி.

இனி வரும் படிகளுக்கு ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு நூலகத்தில் மாதாமாதம் எத்தனை புத்தகங்கள் இரவல் போயின என்ற கணக்கு. ஷீட்டின் பெயர் Data. A1-இல் 'மாதம்', B1-இல் 'இரவல்', A2 முதல் A13 வரை பன்னிரண்டு மாதங்கள், பக்கத்தில் எண்கள். இதற்குச் சாதாரணமான தூண் சார்ட் ஒன்று போட்டாயிற்று. ஜூன் மாதத் தூண் மட்டும் உயரமாக நிற்கிறது. அதன் மேல் ஓர் அம்புக்குறியும், 'புதிய கட்டடம் திறப்பு' என்ற சிறு குறிப்பும் வரைந்திருக்கிறோம். இந்த அம்புக்குறி பிறகு ஒரு வேலை காட்டப்போகிறது.

தனி ஷீட்டுக்கு மாற்றுதல்

1. சார்ட்டின் வெளி ஓரத்தில், எதுவும் இல்லாத வெற்றிடத்தில் ஒரு தடவை கிளிக் செய்யுங்கள். சுற்றிலும் பிடிகள் தெரிய வேண்டும். தலைப்பின் மீதோ தூணின் மீதோ கிளிக் செய்தால் அந்தப் பகுதி மட்டும் தேர்வாகும், பிறகு வரும் பட்டியலும் வேறாக இருக்கும்.
2. மேலே `Chart Design` என்ற டேப் தோன்றும். பழைய பதிப்புகளில் `Chart Tools` என்பதன் கீழே `Design` என்று இருக்கும். அதன் வலது கோடியில் `Move Chart`. சார்ட்டின் வெற்றிடத்தில் வலது கிளிக் செய்தாலும் இதே கட்டளை கிடைக்கும்.
3. வரும் பெட்டியில் இரண்டு தேர்வுகள்தான்: `New sheet` மற்றும் `Object in`. முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் Chart1 என்று எக்செல் தானாகவே பெயர் போட்டிருக்கும். அதை அழித்து உங்களுக்குப் புரியும் பெயரைக் கொடுங்கள். `OK`.

அவ்வளவுதான். கீழே புதிதாக ஒரு ஷீட் டேப் வந்திருக்கும். அதில் கட்டங்களே இல்லாமல் சார்ட் மட்டும் முழுப் பக்கத்துக்கு நிற்கும். எண்களோடு இருந்த தொடர்பு அறுந்துவிடாது. ஒரு தூணைக் கிளிக் செய்து மேலே சூத்திரப் பட்டையைப் பார்த்தால் இப்படி இருக்கும்:

```
=SERIES(Data!$B$1,Data!$A$2:$A$13,Data!$B$2:$B$13,1)
```

சார்ட் எங்கே போனாலும் எண்களை Data ஷீட்டிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது. அங்கே ஒரு எண்ணை மாற்றினால் இங்கே தூண் நகரும்.

பெயர் வைப்பதில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஷீட்டின் பெயர் 31 குறிகளுக்கு மேல் போகக் கூடாது. தமிழில் ஒவ்வொரு புள்ளியும், கொம்பும், விசிறியும் தனிக் குறியாக எண்ணப்படும். 'மின்' என்பது நமக்கு இரண்டு எழுத்து. எக்செலுக்கு நான்கு குறி. ஆகவே நீளமான தமிழ்ப் பெயர் பாதியில் நின்றுபோனால் ஆச்சரியப்பட வேண்டாம். சாய்கோடு, கேள்விக்குறி, நட்சத்திரம், முக்காற்புள்ளி, சதுர அடைப்பு ஆகியவற்றையும் ஷீட் பெயரில் ஏற்றுக்கொள்ளாது. '2023/24' என்று தட்டிப் பார்த்துவிட்டு விழிப்பவர்கள் பலர்.

சார்ட்டே இன்னும் போடவில்லை, எண்கள் மட்டும்தான் இருக்கின்றன என்றால் இன்னும் சுருக்கமான வழி இருக்கிறது. A1:B13-ஐத் தேர்ந்தெடுத்து F11 விசையை அழுத்தினால், சார்ட் நேராகத் தனி ஷீட்டிலேயே பிறக்கும். சில மடிக்கணினிகளில் Fn விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

`Move Chart` பெயருக்கேற்றபடி நகர்த்தும், நகல் எடுக்காது. பழைய இடத்தில் சார்ட் இருக்காது. இரண்டு இடத்திலும் வேண்டுமென்றால் முதலில் சார்ட்டைத் தேர்ந்தெடுத்து Ctrl+C அழுத்தி, ஒரு வெற்றுக் கட்டத்தைக் கிளிக் செய்து Ctrl+V அழுத்தி இன்னொன்றை உண்டாக்கி, அதை மட்டும் நகர்த்துங்கள். திரும்பக் கொண்டுவர நினைத்தால் அதே `Move Chart` பெட்டியில் `Object in` என்பதைத் தேர்ந்து, ஷீட்டின் பெயரைக் காட்டினால் போதும். சார்ட் திரும்பி வந்ததும் தனி ஷீட் தானாகவே மறைந்துவிடும். அதை விட்டுவிட்டு 'இந்த ஷீட் வேண்டாம்' என்று டேப்பில் வலது கிளிக் செய்து அழித்தீர்களானால், சார்ட்டும் சேர்ந்தே போகும். கணினியில் ஓடும் எக்செலில் ஷீட்டை அழித்ததை Ctrl+Z மீட்டுத் தராது. சேமிக்காமல் ஃபைலை மூடித் திறப்பதுதான் அப்போது மிஞ்சும் வழி.

நகர்ந்ததும் பார்க்க வேண்டிய இரண்டு

முதலாவது, அந்த அம்புக்குறி. சார்ட்டைத் தேர்ந்தெடுத்த நிலையில் வரைந்திருந்தால் அது சார்ட்டின் உள்ளே சேர்ந்திருக்கும், கூடவே வந்துவிடும். ஏதோ ஒரு கட்டத்தில் கர்சர் இருந்தபோது வரைந்து, பிறகு சார்ட்டின் மேல் நகர்த்தி வைத்திருந்தால், அது ஷீட்டைச் சேர்ந்தது. சார்ட் போன பிறகு பழைய இடத்திலேயே அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். Data ஷீட்டுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே நின்றால் அதை வெட்டி (Ctrl+X), புது ஷீட்டில் சார்ட்டின் வெற்றிடத்தைக் கிளிக் செய்து ஒட்டுங்கள். இப்போது உள்ளே சேர்ந்துவிடும். இடம் மட்டும் சரி செய்ய வேண்டியிருக்கும்.

இரண்டாவது இன்னும் விஷமமானது. சார்ட் தனியாகப் போய்விட்டதே, இனி எண்களை எதற்குக் காட்ட வேண்டும் என்று Data ஷீட்டில் அந்த வரிசைகளை மறைத்துவிடுவோம். அடுத்த நிமிடம் சார்ட் வெறுமையாகிவிடும். மறைத்த வரிசைகளையும் நெடுவரிசைகளையும் சார்ட்டில் காட்டாமல் விடுவது எக்செலின் வழக்கம். இதற்குச் சார்ட்டில் வலது கிளிக் செய்து `Select Data`, அதில் `Hidden and Empty Cells`, பிறகு `Show data in hidden rows and columns` என்பதைக் குறியிட வேண்டும். அதைவிட எளிது, வரிசைகளை விட்டுவிட்டு Data ஷீட்டையே மொத்தமாக மறைத்துவிடுவது. முழு ஷீட்டை மறைத்தால் சார்ட்டுக்கு ஒன்றும் ஆகாது.

தாளின் அளவு, எழுத்தின் அளவு

இந்தப் பகுதியைத் தாண்டிவிட்டு நேராகச் சேமிக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். ஆனால் படம் நன்றாக வருவதும் வராததும் இங்கேதான் இருக்கிறது.

தனி ஷீட்டில் இருக்கும் சார்ட்டின் வடிவத்தைத் தாள்தான் தீர்மானிக்கிறது. ஏ4 தாள், படுக்கை வாக்கில் என்றால் 29.7 × 21 செ.மீ. அதில் எக்செல் இடம் வலமாக 0.7 அங்குலம், மேலும் கீழும் 0.75 அங்குலம் ஓரம் விடும். மீதி ஏறத்தாழ 26 × 17 செ.மீ. அதுதான் உங்கள் சார்ட். `Page Layout` டேப்பில் `Orientation` என்பதை நிமிர்ந்த தாளாக மாற்றினால் சார்ட்டும் நிமிர்ந்துகொள்ளும். ஓரங்களை மாற்றினால் சார்ட்டின் வடிவமும் மாறும். சிலைடு காட்சிக்கு 16:9 விகிதத்தில் அகலமான படம் வேண்டுமா? 26 செ.மீ. அகலத்துக்கு உயரம் 14.6 செ.மீ. ஆக வேண்டும். அப்படியானால் `Margins` பட்டியலில் `Custom Margins` போய், மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் தலா 1.9-இலிருந்து 3.2 செ.மீ. ஆக்கினால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

அடுத்து எழுத்து. சார்ட் இரண்டு மடங்கு அகலமாகிவிட்டது, ஆனால் எழுத்து பழைய அளவிலேயே நிற்கிறது. மாதப் பெயர்கள் 9 புள்ளி, தலைப்பு 14 புள்ளி என்பது இப்போதைய எக்செலின் வழக்கம். இங்கே புள்ளி என்பது எழுத்தளவுக்கு எக்செல் காட்டும் எண், படத்தின் புள்ளி அல்ல. திரையில் பார்க்கும்போதே கொஞ்சம் ஒல்லியாகத் தெரியும். அறிக்கையில் வைக்கும்போதுதான் உண்மை தெரியும். 26 செ.மீ. படத்தை 15 செ.மீ. இடத்தில் அடக்கினால் எல்லாமே அந்த விகிதத்தில் சுருங்கும். 9 × 15 ÷ 26 என்று போட்டால் 5.2 புள்ளி. மருந்துச் சீட்டில் வரும் பொடி எழுத்தைப் போல ஆகிவிடும், அதுவும் தமிழில் கொம்பும் சுழியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

எனவே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். கடைசியில் 9 புள்ளியாகத் தெரிய வேண்டுமென்றால், இப்போது 9 × 26 ÷ 15, அதாவது 16 புள்ளி வைக்க வேண்டும். தலைப்பு கடைசியில் 14 ஆகத் தெரிய, இப்போது 24. இந்தப் பெருக்கல் ஒன்றைச் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. படம் எங்கே போகிறது, அங்கே அதற்கு எவ்வளவு அகலம் கிடைக்கும் என்பது மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

எழுத்தை மாற்றும் முறை எளிதுதான். சார்ட்டின் வெற்றிடத்தைக் கிளிக் செய்து, `Home` டேப்பில் எழுத்தளவை 16 ஆக்குங்கள். தலைப்பு உட்பட எல்லா எழுத்தும் 16 ஆகும். பிறகு தலைப்பை மட்டும் கிளிக் செய்து 24 ஆக்குங்கள். எழுத்துருவையும் அப்போதே பார்த்துவிடலாம். விண்டோஸில் தமிழுக்கு நிர்மலா யுஐ தெளிவாக இருக்கும். கோடுகளைக் கொண்ட சார்ட் என்றால் கோட்டின் தடிமனையும் இதே விகிதத்தில் ஏற்றுங்கள், 2.25 புள்ளிக் கோடு 4 புள்ளி ஆனால்தான் சுருங்கிய பிறகும் கோடாகத் தெரியும்.

எழுத்து பெரிதானதும் மாதப் பெயர்கள் சாய்ந்துகொள்ளலாம். இடம் போதவில்லை என்று எக்செல் நினைத்தால் அடி அச்சின் பெயர்களைச் சரித்துவிடும். 'செப்டம்பர்', 'அக்டோபர்' போன்ற நீண்ட பெயர்கள்தான் காரணம். அச்சின் அமைப்புகளில் கோணத்தை மாற்றிப் போராடுவதைவிட, Data ஷீட்டில் 'செப்.', 'அக்.' என்று சுருக்கிவிடுவதே நல்லது. சாய்ந்த தமிழ் எழுத்தைப் படிப்பது யாருக்கும் சுகமாக இருப்பதில்லை.

கடைசியாகப் பின்னணி. அழகுக்காகச் சார்ட்டின் பின்னணியை `No fill` ஆக்கியிருந்தால், PNG படத்தில் அது ஒளிபுகும் பின்னணியாக வரலாம். வெள்ளைத் தாளில் வைத்தால் பிரச்சினை இல்லை. கருப்புப் பின்னணி வைத்திருக்கும் கைபேசியில் யாராவது திறந்தால், கருப்பு எழுத்து கருப்பிலேயே கரைந்துபோகும், தூண்கள் மட்டும் தெரியும். `Format Chart Area` போய் `Solid fill`, வெள்ளை என்று வைத்துவிடுங்கள்.

படமாகச் சேமித்தல்

சார்ட்டின் வெற்றிடத்தில் வலது கிளிக் செய்யுங்கள். புதிய எக்செலிலும் மேக் கணினிக்கான எக்செலிலும் `Save as Picture` என்ற கட்டளை இருக்கும். அதைத் தேர்ந்ததும் வரும் பெட்டியில் இடத்தையும் பெயரையும் கொடுத்து, `Save as type` என்ற இடத்தில் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே பல வகைகள் வரிசையாக இருந்தாலும் நமக்கு வேண்டியவை இரண்டே இரண்டு.

திரையில் பார்ப்பதற்கு, மின்னஞ்சலில் அனுப்புவதற்கு, சிலைடில் வைப்பதற்கு PNG. JPEG-ஐத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது நிழற்படங்களுக்காக உண்டான வகை. அளவைக் குறைப்பதற்காக நுட்பங்களைத் தூக்கி எறியும். நிழற்படத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. சார்ட்டில் எழுத்தும் கோடும் கூர்மையாக முடிகிற இடங்களில் புகை படிந்த மாதிரி அழுக்கு தெரியும்.

அச்சுக்குப் போவதற்கு SVG. இது புள்ளிகளால் ஆன படம் அல்ல. 'இங்கிருந்து அங்கே கோடு, இந்த இடத்தில் இந்த எழுத்து' என்று வரைமுறையாக எழுதி வைத்த படம். எவ்வளவு பெரிதாக்கினாலும் கசங்காது. ஏ4 அளவுச் சார்ட்டைத் திரைக் கணக்கில் படமாக்கினால் அகலம் ஏறத்தாழ 990 புள்ளிதான். நமக்கு வேண்டியது 1770. தாளை ஏ3 ஆக்கினாலும் ஏறத்தாழ 1450தான். அதனால் அச்சுக்குப் புள்ளிகளைத் துரத்திக்கொண்டு ஓடுவதில் பயனில்லை. புதிய வேர்டு SVG-ஐ நேராக ஏற்றுக்கொள்ளும். ஒரு கவனம்: SVG-இல் எழுத்துகள் எழுத்தாகவே இருக்கும், எழுத்துருவின் பெயர் மட்டும் குறிக்கப்பட்டிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேறொன்று வந்து உட்கார்ந்து, தலைப்பு நகர்ந்துவிடக்கூடும். அனுப்புவதற்கு முன் இன்னொரு கணினியில் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.

எழுத்துருவைப் பற்றிய அந்தக் கவலையே வேண்டாம் என்றால் PDF இருக்கிறது. சார்ட் ஷீட்டில் நின்றபடி `File`, `Save As` போய், வகையை PDF என்று வைத்தால் ஒரே பக்கத்தில் சார்ட் மட்டும் சேமிக்கப்படும். தனி ஷீட்டாக இருப்பதால் பக்கம் உடைவதில்லை, பக்கத்துக் கட்டங்கள் எட்டிப் பார்ப்பதில்லை. அச்சகத்துக்கு அனுப்ப நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன்.

சேமித்த PNG-இன் உண்மையான அளவைப் பார்க்க, விண்டோஸில் அந்த ஃபைலில் வலது கிளிக், `Properties`, `Details`. அங்கே `Dimensions` என்று அகலமும் உயரமும் இருக்கும். 480 × 288-க்குப் பக்கத்தில் ஏதாவது காட்டினால், தனி ஷீட்டில் இருப்பதை விட்டுவிட்டுப் பழைய சின்னச் சார்ட்டைச் சேமித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அந்தக் கட்டளை இல்லாவிட்டால்

பழைய எக்செலில் வலது கிளிக் பட்டியலில் `Save as Picture` இருக்காது. அப்போது சார்ட்டைத் தேர்ந்தெடுத்து Ctrl+C அழுத்தி, பெயிண்ட் செயலியைத் திறந்து ஒட்டிச் சேமிக்கலாம். ஒட்டுவதற்கு முன் பெயிண்டில் இருக்கும் வெள்ளைப் பரப்பின் மூலையைப் பிடித்து மிகச் சின்னதாக்கிவிடுங்கள். ஒட்டும் படத்துக்கேற்ப அது தானாக விரியும். பெரிதாக விட்டுவைத்தால் படத்தைச் சுற்றி வெள்ளை மிச்சம் நிற்கும்.

வேர்டில் நேராக ஒட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே Ctrl+V அழுத்தினால் வருவது படம் அல்ல. உங்கள் எக்செல் ஃபைலோடு இணைந்த உயிருள்ள சார்ட். வேர்டு ஆவணத்தின் நிறங்களையும் அது எடுத்துக்கொள்ளும். நீங்கள் நீலமாக வைத்த தூண் ஆரஞ்சாக மாறி நிற்பது இதனால்தான். ஒட்டியதும் ஓரத்தில் வரும் சிறு பெட்டியைக் கிளிக் செய்து `Picture` என்பதைத் தேர்ந்தால் படமாகிவிடும்.

இணையத்தில் இன்னொரு யோசனை அடிக்கடி கண்ணில் படும்: ஃபைலின் பெயரில் .xlsx என்பதை .zip ஆக்கித் திறந்தால் உள்ளே படங்கள் இருக்கும் என்று. நீங்கள் செருகிய நிழற்படங்களுக்கு அது உண்மை. அவை xl/media என்ற ஃபோல்டரில் இருக்கும். சார்ட்டுக்கு அது பலிக்காது. சார்ட்டுகள் xl/charts என்ற இடத்தில் குறிமுறையாகத்தான் இருக்கின்றன. எக்செல் திறக்கிற ஒவ்வொரு தடவையும் அவற்றைப் புதிதாக வரைகிறது. படமாக எங்கேயும் இல்லை.

ஒரே ஒரு வரிக் கட்டளை

பழைய பதிப்பானாலும் புதியதானாலும் விண்டோஸ் எக்செலில் எனக்கு மிகவும் பிடித்த வழி இது. நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முதலில் ஃபைலைச் சேமித்துக்கொள்ளுங்கள். சார்ட் ஷீட்டுக்குப் போங்கள். Alt+F11 அழுத்துங்கள், புதிதாக ஒரு ஜன்னல் திறக்கும். அங்கே Ctrl+G அழுத்தினால் கீழே `Immediate` என்ற சிறு பகுதி வரும். அதில் இந்த வரியைத் தட்டி Enter அழுத்துங்கள்:

```
ActiveChart.Export ActiveWorkbook.Path & "\loans.png"
```

திரையில் எதுவும் நடந்ததாகவே தெரியாது. எக்செல் ஃபைல் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், loans.png அங்கே இருக்கும். இதற்காக ஃபைலை மேக்ரோ வகையில் சேமிக்கவும் வேண்டாம். அந்தப் பகுதியில் தட்டியது எதுவும் ஃபைலில் பதிவதில்லை.

தவறாகப் போக மூன்று இடங்கள் உண்டு. பிழை எண் 91 வந்தால், சார்ட் தேர்வில் இல்லை. எக்செலுக்குத் திரும்பி, சார்ட் ஷீட்டின் டேப்பைக் கிளிக் செய்துவிட்டு வாருங்கள். ஃபைல் ஒன்டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் இருந்தால் `ActiveWorkbook.Path` என்பது https என்று தொடங்கும் இணைய முகவரியாகிவிடும், அங்கே படத்தை எழுத முடியாது. அப்போது முகவரியை நேராகக் கொடுங்கள். அந்த ஃபோல்டர் ஏற்கெனவே இருக்க வேண்டும். எக்செல் உருவாக்கித் தராது.

```
ActiveChart.Export "C:\Temp\loans.png"
```

மூன்றாவது, தமிழ். அந்த ஜன்னல் பழங்காலத்துப் பொருள். தமிழ் எழுத்துகளை அதில் தட்டினால் கேள்விக்குறிகளாகத்தான் வரும். ஷீட்டின் பெயரைச் சொல்லி அழைக்கும் கட்டளைகளை இணையத்தில் பார்த்து, அதில் தமிழ்ப் பெயரைப் போட்டால் வேலை செய்யாது. அதனால்தான் மேலே பெயர் சொல்லாமல் `ActiveChart` என்று வைத்தேன். படத்துக்கும் ஆங்கில எழுத்தில் பெயர் கொடுங்கள், சேமித்த பிறகு வேண்டுமானால் தமிழில் மாற்றிக்கொள்ளலாம்.

ஃபைலில் பத்துப் பன்னிரண்டு சார்ட் ஷீட்டுகள் இருந்தால், அத்தனையையும் ஒரே மூச்சில் படமாக்க:

```
For Each c In ActiveWorkbook.Charts: c.Activate: c.Export "C:\Temp\chart" & c.Index & ".png": Next
```

இதில் `Charts` என்பது தனி ஷீட்டாக நிற்கும் சார்ட்டுகளை மட்டும் குறிக்கும். எண்களோடு ஷீட்டில் பதிந்து கிடப்பவை இந்தக் கணக்கில் வராது. எல்லாம் ஏ4 படுக்கை வாக்கில் இருந்தால் எல்லாப் படங்களும் ஒரே அளவில் வரும், அறிக்கையில் அடுக்கும்போது ஒன்று பெரிது ஒன்று சிறிது என்று நிற்காது.

எக்செல் இல்லாதவர்களுக்கு

கூகுள் ஷீட்ஸில் வேலை இன்னும் சுருக்கம். சார்ட்டைக் கிளிக் செய்து, அதன் வலது மேல் மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டால் `Move to own sheet` இருக்கும். அதே பட்டியலில் `Download chart` போய் PNG, PDF, SVG மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

லிப்ரே ஆபீஸ் கால்க்கில் சார்ட்டுக்கென்று தனி வகை ஷீட் கிடையாது. வெற்று ஷீட் ஒன்றைச் சேர்த்து, சார்ட்டை வெட்டி அதில் ஒட்டி, இழுத்துப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டியதுதான். பிறகு வலது கிளிக், `Export as Image`. இங்கே ஒரே கிளிக்கில் தேர்ந்தெடுக்க வேண்டும். இரட்டைக் கிளிக் செய்தால் சார்ட்டைத் திருத்தும் நிலைக்குப் போய்விடும், அந்தக் கட்டளை கண்ணில் படாது. அப்படி ஆனால் சார்ட்டுக்கு வெளியே எங்காவது கிளிக் செய்துவிட்டு, திரும்ப ஒரு தடவை மட்டும் தொடுங்கள்.